சாரம் மறைத்த கோபுரம்: படத்தில் மீட்பதற்கு என்ன பெயர்?

நாகர்கோவிலிலிருந்து:
திருப்பணி நேரத்தில் எடுத்த சுசீந்திரம் கோபுரப் படத்தில் முன்பக்கம் முழுக்கச் சாரம். இடமும் வலமும் தள்ளி நின்று எடுத்த படங்களிலிருந்து மறைந்த இடங்களை எடுத்துப் பொருத்தி வருகிறேன். கையேட்டில் இந்த வேலையை 'சாரநீக்கம்' என்று எழுதலாமா?

தக்கலையிலிருந்து:
சாரநீக்கம் என்றால் சத்தைப் பிழிந்துவிட்டு சக்கையை வைத்தது போல இருக்கிறதே அண்ணே! ஓட்டையை அடைப்பதுதானே, 'இட்டுநிரப்பல்' போதும்.

மார்த்தாண்டத்திலிருந்து:
அடைப்பது சரி, எதை வைத்து அடைக்கிறோம் என்று பாருங்கள். இட்டுநிரப்பலில் பக்கத்தில் இருப்பதைப் பார்த்து ஊகிக்கிறோம். இங்கே இருப்பது வேறொரு படத்தில் கேமரா நிஜமாகவே கண்ட சுவர்.

சுவரிலிருந்து 30 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள், 10 செ.மீ. தடிமனுள்ள கம்பம் சுவருக்கு 1 மீட்டர் முன்னால் நிற்கிறது என்று வையுங்கள். பக்கவாட்டில் 3 மீட்டர் நகர்ந்தால் கம்பம் மறைக்கும் இடமும் 10 செ.மீ. போல நகரும். அதாவது முன்பு மறைந்திருந்த பகுதி அப்போதுதான் முழுசாக வெளியே வரும். ஓரத்துக்கும் சேர்த்து 4 மீட்டர் நகர்வது நல்லது. அதற்காக ரொம்ப தூரம் போகவும் கூடாது, பக்கத்துக் கம்பம் வந்து அதே இடத்தை மறைத்துவிடும்.

பொருத்தும்போதுதான் சிக்கல். தட்டையான சுவரென்றால் நான்கு புள்ளிகளைக் காட்டி `cv2.findHomography` போட்டு, கிடைக்கும் அணியை `cv2.warpPerspective`-க்குக் கொடுத்தால் படம் உட்கார்ந்துவிடும். சுதைச் சிற்பங்கள் சுவரைவிட முன்னால் நிற்பதால் அதே கணக்கில் விலகிப்போகும். ஒரு பொம்மைக்கு இரண்டு மூக்கு தெரிந்தால் காரணம் இதுதான். ஒவ்வொரு நிலையிலும் சுவரைத் தனியாக, சிற்ப வரிசையைத் தனியாகப் பொருத்துங்கள்.

குளச்சலிலிருந்து:
எங்கள் தாத்தா வீட்டுப் படத்தில் வீடு முழுக்கப் பச்சை வலை. இருப்பது ஒரே படம். இதையும் இப்படி எடுக்கலாமா?

மார்த்தாண்டத்திலிருந்து:
ஒரே படமென்றால் ஊகம்தான் சார், அது தக்கலைக்காரர் சொன்ன இட்டுநிரப்பல். பல படங்கள் இருந்தால் வலையின் கண்கள் வழியே ஒவ்வொன்றிலும் வேறு வேறு புள்ளி தெரியும். சுவரை ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்திவிட்டு இடைநிலை மதிப்பை எடுத்தால் நூல் மறையும். ஆனால் ஒரு புள்ளியில் பாதிக்கு மேற்பட்ட படங்களில் நூலே விழுந்திருந்தால் நூல்தான் மிஞ்சும். நெருக்கமான வலையில் இது பலிக்காது.

எனக்குத் தோன்றும் பெயர் 'கோணமீட்பு'.

தக்கலையிலிருந்து:
கோண என்றதும் கோணல்தான் ஞாபகம் வருகிறது. 'பிறகோண மீட்பு' என்றால் வேறு கோணம் என்பதாவது தெரியும்.

நாகர்கோவிலிலிருந்து:
பேச்சில் அது நாக்கைச் சுற்றும். இப்போதைக்கு இரண்டையும் எழுதி வைக்கிறேன். இன்னொரு சந்தேகம்: மூன்றாம் நிலையில் வலப்பக்கத் துவாரபாலகரின் கை எந்தப் படத்திலும் இல்லை. இடப்பக்கத்தவரைத் திருப்பிப் போடட்டுமா?

மார்த்தாண்டத்திலிருந்து:
வேண்டாம். திருப்பினால் வெயிலும் சேர்ந்து திரும்பும், நிழல் தப்பான பக்கம் விழும். விரல் முத்திரையும் இருவருக்கும் ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. சாம்பல் நிறத்தில் விட்டுவிடுங்கள்.

தக்கலையிலிருந்து:
அச்சில் போடுகிற படத்தில் சாம்பல் திட்டா? இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.