ஓ.டி. அனுமதி கேட்க மணிக்கணக்கு, செலவுக்கணக்கு எப்படிப் போடுவது? (சுங்கை சிப்புட்)

மதுரைக்காரி: மலேசியா வந்து ரெண்டு மாசம். தோட்டத்து ஊர் ஃபேக்டரி ஒன்றில் பேக்கிங் பிரிவைப் பார்க்கிறேன். அடுத்த திங்கள் காலை கிளையண்டின் கண்டெய்னர் வருகிறது. இன்னும் 1,200 பெட்டி பாக்கி. ஆறு பேர் சேர்ந்து மணிக்கு 30 பெட்டி கட்டுவார்கள். நாளை செவ்வாயிலிருந்து வெள்ளி வரை நாலு நாள், எட்டு மணி நேரம்; 960 தான் முடியும். மேனேஜரிடம் ஓ.டி. கேட்கணும். அடிப்படைச் சம்பளம் தலைக்கு 2,080 ரிங்கிட்.

ஈப்போ தம்பி: 2,080ஐ 30ஆல் வகுங்க, ஒன்றரை மடங்கு போடுங்க. ஞாயிறுன்னா டபுள்.

சீனியர் அண்ணன்: ஒன்றரை சரி தம்பி, 30 தப்பு. மாதச் சம்பளத்துக்கு இங்கே 26ஆல் வகுக்கணும். நாளுக்கு 80, மணிக்கு 10, ஓ.டி. மணிக்கு 15 ரிங்கிட்.

தங்கச்சி, பாக்கி 240 பெட்டியை 30ஆல் வகுத்து எட்டு மணி நேரம்னு எழுதாதீங்க. எட்டு மணி வேலை முடிச்ச கை சாயங்காலம் அந்த வேகத்தில் ஓடாது. முன்பு நானே அப்படி எழுதி, மூணாம் நாள் மறுபடி அனுமதி கேட்டு நின்னேன். அப்போ மேனேஜர் முகத்தைப் பார்க்க முடியல. 25ன்னு வையுங்க. கிட்டத்தட்ட 10 மணி, நாளுக்கு ரெண்டரை. ஆறு பேருக்கு 60 மணி, 900 ரிங்கிட். ஓ.டி.க்கு இ.பி.எஃப். சேமநிதி இல்லை, சொக்சோ காப்புறுதிச் சந்தா உண்டு. அது கொஞ்சம் கூடும்.

இப்படி அனுப்புங்க: "1,200 பெட்டி பாக்கி, வழக்கமான நேரத்தில் 960. மீதி 240க்கு ஆறு பேர், செவ்வாய் முதல் வெள்ளி வரை தினம் ரெண்டரை மணி, மொத்தம் 60 மணி, 900 ரிங்கிட். சொக்சோ தவிர இதைத் தாண்டாது. நாளை மதியத்துக்குள் அனுமதி வேண்டும்."

வேலை வாங்கிட்டு அப்புறம் அனுமதி கேட்கக் கூடாது. அனுமதி வராவிட்டாலும் செய்த மணிக்குக் கூலி கொடுத்தே ஆகணும்.

பாரிட் அக்கா: எனக்கு மூணு மாச ஓ.டி. இன்னும் வரலை. எங்கே புகார் கொடுக்கலாம்?

சீனியர் அண்ணன்: அக்கா, பஞ்ச் கார்டு நகலோடு தொழிலாளர் இலாகாவுக்குப் போங்க.

மதுரைக்காரி: என் சூப்பர்வைசருக்குச் சம்பளம் 4,600. அவரையும் சேர்க்கணுமா?

சீனியர் அண்ணன்: 4,000க்கு மேல் வாங்குபவருக்குப் பொதுவாகச் சட்டப்படி ஓ.டி. கட்டாயமில்லை, ஆனா கைவேலைக்காரர்களை மேற்பார்க்கிறவருக்கு அந்த வரம்பு பொருந்தாது. அவர் ஒப்பந்தத்தைப் பாருங்க.

ஈப்போ தம்பி: அண்ணே, ஞாயிறு டபுள் இல்லையா?

சீனியர் அண்ணன்: மாதச் சம்பளக்காரருக்கு ஓய்வு நாளில் பாதி நாளுக்கு மேல், எட்டு மணி நேரம் வரை வேலைக்குக் கூடுதலாக ஒரு நாள் கூலிதான். ஆறு பேருக்கு 480. 900ஐ விடக் குறைவு. ஆனா ஓய்வு நாளில் வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, அவங்க சம்மதிக்கணும். ஞாயிறு ஒரு மெஷின் நின்னா, திங்கள் காலைக்கு முன்னே வேறு நாளும் இல்லை.

மதுரைக்காரி: நாலு பேர் சரின்னாங்க. ரெண்டு பேர் தோட்டத்து லயத்திலிருந்து வர்றவங்க, ஞாயிறு கம்பெனி வேன் ஓடாது. வேன் செலவைக் கேட்டுட்டு ரெண்டு கணக்கையும் மேனேஜர்கிட்ட வைக்கிறேன்.