ஜெர்மனியில் மெயில் அனுப்பும் முன் எதை, எந்த வரிசையில் சரிபார்ப்பது?

மியூனிக் புதியவன்
எல்லோருக்கும் வணக்கம். வேலைக்காக மியூனிக் வந்து சில மாதம்தான் ஆகிறது. வீடு பார்த்துவிட்டேன். வீட்டு நிர்வாக அலுவலகத்தில் வேலை ஒப்பந்தம், மூன்று சம்பளச் சீட்டு, கடன் வரலாறு காட்டும் ஷுஃபா அறிக்கை, நிரப்பிய விவரப் படிவம் எல்லாவற்றையும் மெயிலில் கேட்கிறார்கள். இதே காகிதங்களில் பாதியை அலுவலக எச்ஆருக்கும் அனுப்ப வேண்டும். ஆள் மாறி, கோப்பு விட்டுப்போய், பெயர் தப்பாய்ப் போய்விடக் கூடாது. நீங்கள் எப்படிச் சரிபார்க்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை
தம்பி, நான் அலுவலகத்தில் நாள் முழுக்க இதைத்தான் செய்கிறேன். முகவரியைக் கடைசியில் போடுங்கள். கோப்பு முதலில், எழுத்து அடுத்து, பெயர் அப்புறம், முகவரி கடைசி. 'யாருக்கு', Cc, Bcc கட்டங்கள் காலியாக இருக்கும்வரை கை தவறி அழுத்தினாலும் மெயில் போகாது. வந்த மெயிலுக்குப் பதில் எழுதினால் முகவரி தானாக நிரம்பிவிடும். அதை வெட்டி, மெயிலின் முதல் வரியில் ஒட்டி வையுங்கள். முடிந்ததும் மேலே ஏற்றுங்கள்.

இணைத்த கோப்புகளை மெயில் சாளரத்திலிருந்தே ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். கணினியில் உள்ள ஃபோல்டரில் பார்த்தால் போதாது. சரியான கோப்பு அங்கே இருக்கும், மெயிலில் ஏறியது வேறாக இருக்கும். scan_0012.pdf, scan_0013.pdf என்று பெயர் வைத்தால் கையெழுத்துப் போடாத பழைய ஒப்பந்தமும் போட்ட ஒப்பந்தமும் ஒன்றுபோலத்தான் தெரியும். Arbeitsvertrag.pdf, Gehalt_Maerz.pdf என்று மாற்றி வையுங்கள்.

மெயிலுக்குள்ளும் எண் போட்டு எழுதுங்கள்: ஒப்பந்தம் 1, சம்பளச் சீட்டு 3, ஷுஃபா 1, படிவம் 1, ஆக 6 கோப்பு. அனுப்புமுன் கீழே இருப்பதை எண்ணிப் பாருங்கள். ஐந்துதான் இருந்தால் எது விட்டுப்போனது என்று உடனே தெரியும். அங்கே மெயிலைப் படிக்கிறவருக்கும் இது வசதி.

கோவைத் தம்பி
இவ்வளவு எதற்கு அண்ணா? கோப்பு இல்லாவிட்டால் ஜிமெயிலே எச்சரிக்கிறது. தப்பான ஆளுக்குப் போனால் அவுட்லுக்கில் ரீகால் இருக்கிறது, இழுத்துக்கொள்ளலாம்.

கணக்குப்பிள்ளை
பாதி சரி. 'இணைத்துள்ளேன்' என்ற பொருளில் எழுதிவிட்டு ஒரு கோப்பும் வைக்காமல் விட்டால்தான் அந்த எச்சரிக்கை வரும். ஆறில் ஒன்றை மட்டும் வைத்தால் அது சும்மா இருந்துவிடும், எண்ணிப் பார்க்காது. ஜெர்மனில் எழுதும்போது வரும் என்று நம்பியும் இருக்காதீர்கள். தண்டர்பேர்ட் பயன்படுத்துகிறவர்கள் இதே எச்சரிக்கைக்கு, இணைப்பைக் குறிக்கும் Anhang, anbei என்ற ஜெர்மன் சொற்களை அமைப்புகளில் நாமே சேர்க்கலாம்.

ரீகால் ஒரே நிறுவனத்துக்குள் மட்டும்தான் வேலை செய்யும். வீட்டுக்காரர் வெளி ஆள். அவருக்குப் போனது போனதுதான். ஜிமெயிலின் 'அன்டூ' வேறு வகை. அது மெயிலை அனுப்பாமல் சில நொடி பிடித்து வைக்கிறது. முதலில் 5 நொடிதான் இருக்கும், அமைப்புகளில் 30 ஆக்குங்கள். பழைய அவுட்லுக் செயலியில் ஒரு ரூல் போட்டால் எல்லா மெயிலும் சில நிமிடம் அவுட்பாக்ஸில் நின்று போகும். 120 நிமிடம் வரை வைக்கலாம். எனக்கு 2 நிமிடம் போதும். அனுப்பிய அடுத்த கணம்தானே தப்பு கண்ணில் படுகிறது!

பாஸ்போர்ட் பாண்டியன்
பெயர் விஷயம் என்றதும் வந்தேன். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடமே காலி. இங்கே எல்லாப் படிவத்திலும் சிக்கல். தூதரகத்தில் மாற்றிக்கொள்வது நல்லதா?

ஸ்டுட்கார்ட் அக்கா
பாண்டியன் தம்பி, அது வேறு கேள்வி, தனியாகப் போடுங்கள். இங்கே கேட்பது எதிராளியின் பெயர். ஆனால் உங்கள் பேச்சிலும் ஒன்று எடுத்துக்கொள்ளலாம்: மெயிலின் கீழே நம் பெயரைப் பாஸ்போர்ட்டில் இருக்கிற எழுத்திலேயே போடுங்கள். இனிஷியல் முன்னால், அப்பா பெயர் பின்னால் என்று ஒவ்வொரு மெயிலிலும் மாற்றினால் அவர்கள் இரண்டு பேர் என்று நினைத்து இரண்டு கோப்பு திறப்பார்கள்.

அவர்கள் பெயருக்கு வருகிறேன். முகவரியைப் பார்த்துப் பெயர் எழுதாதீர்கள். முகவரியில் mueller என்று இருக்கும், அந்த அம்மா Müller ஆக இருப்பார். சரி, ue எல்லாம் ü ஆக்கிவிடலாம் என்றால் அதுவும் தப்பு. பிறந்ததிலிருந்தே Mueller என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். Goethe பெயரை யாரும் ö போட்டு எழுதுவதில்லையே. Weiß, Weiss இரண்டும் தனித்தனிக் குடும்பப் பெயர்கள். ஆகவே அவர்கள் கடைசியாக அனுப்பிய மெயிலின் கையொப்பத்திலிருந்து நகல் எடுத்து ஒட்டுங்கள். கையால்தான் அடிக்க வேண்டும் என்றால் ஃபோனில் u எழுத்தை அழுத்திப் பிடித்தால் ü வரும். விண்டோஸில் Alt + 0252. ஒன்றும் கிடைக்காவிட்டால் Mueller என்று எழுதலாம். புள்ளியை மட்டும் எடுத்துவிட்டு Muller என்று எழுதாதீர்கள்.

Herr, Frau போடும்போதும் நிதானம் வேண்டும். Andrea ஜெர்மன்காரர்களிடம் பெண் பெயர், இத்தாலியர்களிடம் ஆண் பெயர். தெரியாவிட்டால் Guten Tag என்று தொடங்கி முழுப் பெயரையும் எழுதிவிடுங்கள். ஒருவரும் கோபிக்க மாட்டார்கள்.

மியூனிக் புதியவன்
அக்கா, நன்றி. முகவரியில்தான் எனக்குப் பயம். M என்று அடித்தாலே நாலு பேர் வருகிறார்கள்.

கணக்குப்பிள்ளை
அந்தப் பட்டியலை நம்பாதீர்கள், அடிக்கடி எழுதும் ஆளை மேலே கொண்டுவந்து நிறுத்தும். உங்கள் வீட்டு நிர்வாகத்திலும் ஒரு Michael, டீமிலும் ஒரு Michael என்றால் உங்கள் சம்பளச் சீட்டு டீமுக்குப் போகும். பெயரின் மேல் அழுத்தி, @ குறிக்குப் பின்னால் இருப்பதைப் படியுங்கள். அங்கே நிறுவனப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இலவச மெயில் முகவரி இருந்தால் நிறுத்தி, ஃபோன் செய்து கேளுங்கள். வேண்டாத பழைய முகவரியைப் பட்டியலில் பக்கத்தில் உள்ள X அழுத்தி நீக்கிவிடலாம். Cc-யில் யார் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் அப்போதே பாருங்கள்.

ஸ்டுட்கார்ட் அக்கா
தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் பட்டியலுக்கு எழுதுகிறவர்களே, முகவரிகளை Bcc-யில் போடுங்கள். அப்புறம், அலுவலக மெயிலில் வேறொருவரின் விவரம் தப்பான ஆளுக்குப் போனால் மறைக்காமல் உடனே மேலாளரிடமோ தரவுப் பாதுகாப்பு அதிகாரியிடமோ சொல்லிவிடுங்கள். ஐரோப்பியச் சட்டப்படி, அரசு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டிய விஷயமாக இருந்தால் நிறுவனத்துக்கு 72 மணி நேரம்தான் உண்டு. நீங்கள் இரண்டு நாள் யோசித்தால் அவர்களுக்கு ஒரு நாள்தான் மிஞ்சும்.

கோவைத் தம்பி
சரி, பெயரைத் தப்பாக எழுதி அனுப்பிய பிறகு தெரிந்தால்? மன்னிப்பு மெயில் இன்னொன்று போடுவதா?

கணக்குப்பிள்ளை
நான் போட மாட்டேன். அடுத்த மெயிலில் சரியாக எழுதினால் போதும்.

ஸ்டுட்கார்ட் அக்கா
எனக்கு அது ஒப்பவில்லை. வீடு கேட்கும் முதல் மெயில் என்றால் ஒரே வரியில் திருத்தி அனுப்புவேன். அடுத்த மெயில் எழுதும் வாய்ப்பு வரும் என்று என்ன நிச்சயம்?

மியூனிக் புதியவன்
ஆறு கோப்புக்கும் பெயர் மாற்றிவிட்டேன். மார்ச் சீட்டு இரண்டு தடவை ஏறியிருந்தது, பிப்ரவரி இல்லை. இப்போது பிப்ரவரியைத் தேடுகிறேன்.