அரசு 100 செலவழித்தால் வருமானம் 500 கூடுமா?

செந்தில்வேல்: "மக்கள் 100-ல் 80 செலவழிக்கிறார்கள். அப்போ மல்டிபிளையர், அதாவது செலவு எத்தனை மடங்கு வருமானமாகும் என்ற எண், 5. அரசு 100 போட்டால் வருமானம் 500 கூடும்"னு ஒருத்தர் எழுதியிருக்கார். இதுக்கு 40 லைக் வேற. அந்த 100-ஐ அரசு கடன் வாங்கித்தானே போடுது, அந்தக் கடன் எங்கிருந்து வருதுன்னு யாரும் கேட்கலை. அரசு 100 எடுத்தா தொழில் போடுறவனுக்கு 100 குறையும், அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை: அந்த 5 தப்பு. உங்க 100-ம் தப்பு. வரி 25 சதவீதம், வருமானத்துல 20 சதவீதம் இறக்குமதிக்குப் போகுதுன்னு வைங்க. கைக்கு வந்த 100-ல் வரி போக 75. அதுல 60 செலவாகும். அந்த 60-ல் 20 வெளிநாட்டுக்காரன் வருமானம். அடுத்த கைக்கு உள்நாட்டில் போறது 40 மட்டும். அதற்கடுத்து 16. இப்படிக் குறைஞ்சுகிட்டே போற எல்லாச் சுற்றையும் கூட்டினா சுமார் 167.

மணிமாறன்: வங்கி டெபாசிட்டை வாங்கித் திரும்பத் திரும்பக் கடன் கொடுக்குமே, அதுதானே இது? டெபாசிட்ல கடன் கொடுக்காம ஒதுக்கி வைக்கிற ரிசர்வ் விகிதத்தைக் காணோமே?

கணக்குப்பிள்ளை: அது பணப் பெருக்கி, வேற கடை. இங்க சுத்துறது வருமானம்.

செந்தில்வேல்: 167-ஓ 500-ஓ, கடன் 100 கடன்தானே?

கணக்குப்பிள்ளை: இல்லை. 167-ல் கால்வாசி, கிட்டத்தட்ட 42, வரியா திரும்பி வந்துடுது. நிகரக் கடன் 58. இந்தச் சுற்றுகளிலேயே மக்கள் சேமிச்சது 25, இறக்குமதியில வெளிநாட்டுக்காரன் கையில சேர்ந்தது 33. கூட்டிப் பாருங்க, அதே 58. சேமிப்புங்கிறது முன்கூட்டியே அளந்து வச்ச குடத்துத் தண்ணி இல்லை.

செந்தில்வேல்: குடம் இல்லைன்னா 1992-ல் ஜெர்மனியில என்ன நடந்தது? கிழக்கு, மேற்கு ஜெர்மனி இணைப்புக்கு அரசு கொட்டிச் செலவழிச்சது. அந்த நாட்டு மத்திய வங்கியான புண்டஸ்பாங்க், வங்கிகளுக்குக் கடன் கொடுக்கிற டிஸ்கவுன்ட் வட்டியை 8.75 சதவீதத்துக்கு ஏத்துச்சு.

கணக்குப்பிள்ளை: ஏத்துச்சுன்னு நீங்களே சொல்றீங்க. சேமிப்பு தீர்ந்து வட்டி தானா ஏறலை, விலைவாசிக்குப் பயந்து மத்திய வங்கி ஏத்துச்சு. ஜப்பான்ல அரசுக் கடன் ஜிடிபியில 200 சதவீதம் தாண்டியும் பத்தாண்டுப் பத்திர வட்டி பல வருஷம் 1 சதவீதத்துக்குக் கீழ கிடந்ததே?

யாழினி: ரெண்டு பேரும் பாதிதான் சொல்றீங்க. ஆளும் எந்திரமும் சும்மா கிடந்தா அந்த 167 உற்பத்தியா வரும். எல்லாரும் ஏற்கெனவே வேலையில இருந்தா அதே செலவு விலையைத்தான் ஏத்தும். வட்டி ஏறும், கட்டடம் கட்டுறவன் திட்டத்தைத் தள்ளிப்போடுவான். எந்த நிலைமைன்னு சொல்லாம 167 என்ன, 5 என்ன?

கணக்குப்பிள்ளை: அதை நான் மறுக்கவே இல்லையே. கேட்டது 100 குறையுமா என்பது. குறையாது, நிகரக் கடனே 58தான்.

செந்தில்வேல்: போன மாசம் பணவீக்கத் திரியிலயும் இப்படித்தான் தசமப் புள்ளியைப் புடிச்சுத் தொங்கினீங்க. இந்த 20 சதவீத இறக்குமதி எங்கிருந்து வந்துச்சு? 10-னு வைங்க, உங்க 58 நிக்குமா?

கணக்குப்பிள்ளை: 10-னா மல்டிபிளையர் 2, வருமானம் 200. வரி 50 திரும்பும், கடன் 50. இன்னும் குறையுது, உங்களுக்கு இன்னும் மோசம்.

மணிமாறன்: அப்போ ரிசர்வ் விகிதம்...?