பெரிய வீடு குழு: கோலத்துக்குப் போன பரங்கிப்பூ

*மார்கழி 5, இரவு*

செல்வம்: பரங்கி இந்த வருஷம் ஏமாற்றிவிட்டது. பிஞ்சு எல்லாம் எலுமிச்சை அளவில் மஞ்சளாகி உதிர்கிறது. நாளைக் காலை ஏழு மணிக்கு மருந்து அடிக்கிறேன். மாட்டைக் கொல்லைப் பக்கம் கட்ட வேண்டாம்.

பாபு: பொங்கல் கூட்டு போச்சு

ராஜி: நீதானே கொடியைப் போட்டோ எடுத்து ஊரெல்லாம் அனுப்பினாய். கண் பட்டிருக்கும்.

கயல்: மாமா, ஏழு மணிக்கு அடிக்காதீர்கள்! தேனீ பரங்கிப்பூவுக்குள் இருக்கும் நேரமே அதுதான். உதிர்ந்த பிஞ்சை முதலில் நறுக்கிப் பாருங்கள். தோலில் ஊசி குத்திய மாதிரி துளையும் பிசினும் உள்ளே புழுவும் இருந்தால் பழ ஈ. புழு இல்லாமல் சும்மா சூம்பிப் போயிருந்தால் மகரந்தம் சேரவில்லை. அதற்கு மருந்து அடித்தால் வருகிற தேனீயும் போய்விடும்.

செல்வம்: நான்கு நறுக்கினேன். மூன்றில் ஒன்றுமில்லை. ஒன்றில் புழு.

பாபு: கால்வாசி நியாயம் உன் பக்கம்

ரத்தினம் சித்தப்பா: அனைவருக்கும் வணக்கம். இந்தக் கொடி வகைகள் எல்லாமே அந்தி சாய்ந்து பூப்பவை. பீர்க்கு மாலை ஐந்துக்கு மேல் விரியும். புடலையும் சுரையும் அப்படியே, இருட்டில் அந்துப்பூச்சி வரும். ஆகவே காலையில் மருந்து அடிப்பதில் குற்றமில்லை. நான் 1974 முதல் பந்தல் போடுகிறேன். அந்தப் பந்தல் நிற்கிற இடமே யாருடையது என்பது வேறு விஷயம்.

பாபு: ஆரம்பித்துவிட்டார்

கயல்: சின்னத் தாத்தா, பீர்க்குக்கும் புடலைக்கும் நீங்கள் சொல்வது சரி. பரங்கி அப்படி இல்லை. விடிவதற்குள் விரிந்து, வெயில் ஏறினால் சுருண்டுவிடும். மறுநாள் திறக்காது. இரண்டும் ஒரே பந்தலில் கிடப்பதுதான் சிக்கல்.

ரத்தினம் சித்தப்பா: ஒத்துக்கொள்ள முடியாது.

கயல்: அப்படியானால் எண்ணிப் பார்த்துவிடுவோம். மூன்று நாள் போதும். ஒரே இடத்தில் நின்று பத்து நிமிடம் பார்க்க வேண்டும். முதலில் எத்தனை ஆண் பூ, எத்தனை பெண் பூ திறந்திருக்கிறது என்று எழுதுங்கள். பூவுக்கடியில் குட்டிக் காய் இருந்தால் பெண். அப்புறம் எது வந்து எந்தப் பூவுக்குள் இறங்குகிறது என்று ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு. மேலே சுற்றிவிட்டுப் போனால் கணக்கில்லை. ஒரே தேனீ நான்கு பூவில் இறங்கினால் நான்கு கோடு. எதுவும் வரவில்லை என்றால் மறக்காமல் பூஜ்யம் போடுங்கள், பூஜ்யம்தான் முக்கியம். போட்டோ மட்டும் அனுப்பாதீர்கள், இங்கே அனுப்பிய நேரம்தான் தெரியும், எடுத்த நேரம் தெரியாது.

பாபு: இவ்வளவு நீளத்துக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கலாம்

செல்வம்: சரி. மூன்று நாள். அதற்கு மேல் பொறுக்க மாட்டேன்.

*மார்கழி 6*

செல்வம் (6.40): பெண் பூ 2. ஆண் பூ 0. தேனீ 0.

ரத்தினம் சித்தப்பா (10.25): காப்பி குடித்துவிட்டு 10 மணிக்குப் பார்வையிட்டேன். பூ எல்லாம் மூடிக் கிடக்கிறது. தேனீ பூஜ்யம். நான் சொன்னது நிரூபணம்.

கயல்: பத்து மணிக்குக் கடை சாத்தியிருக்கும் தாத்தா 😅

ராஜி: எங்கள் பால்கனி இட்லிப்பூவில் ஆறு மணியிலிருந்து நின்றேன், ஒன்றும் இல்லை. பத்தரைக்கு மூன்று பட்டாம்பூச்சி. கறிவேப்பிலையிலும் ஒன்று சுற்றுகிறது, அதையும் எழுதவா?

கயல்: எழுதாதே அம்மா. கறிவேப்பிலையில் சுற்றுவது முட்டை வைக்க. இட்லிப்பூவை எழுது. பட்டாம்பூச்சி வெயிலில் சிறகைக் காய வைத்து உடம்பு சூடான பிறகுதான் நன்றாகப் பறக்கும். பரங்கி மூடுகிற நேரத்தில்தான் அது வேலைக்கே கிளம்புகிறது. அதை நம்பிக் கூட்டு வைக்க முடியாது.

ராஜி: அப்போ கறிவேப்பிலையைப் புழு தின்னுமா?? மருந்து சொல்லு

கயல்: அம்மா அது தனியாகப் பேசலாம். மாமா, ஆண் பூ பூஜ்யமா? இந்தக் கொடியில் ஆண் பூதானே அதிகம் வரும்?

செல்வம்: காம்பு மட்டும் நிற்கிறது. யாரோ கிள்ளியிருக்கிறார்கள்.

பாபு: 📷 (நேற்று வசந்தா அண்ணி ஸ்டேட்டஸில் போட்ட கோலம். சாண உருண்டை 11, பரங்கிப்பூ 11)

பாபு: திருடர் கிடைத்தார்

வசந்தா: யார் திருடர்? மார்கழிக்குப் பூ வைக்காத வாசலா நம் வாசல்? பிஞ்சு இருக்கிற பூவை நான் தொட்டதே இல்லை. உங்கள் அம்மா சொல்லிக்கொடுத்தபடி காய்க்காத பூவை மட்டும்தான் பறிக்கிறேன்.

ராஜி: அம்மாவை எதற்கு இழுக்கிறீர்கள் அண்ணி

கயல்: அத்தை, தப்பே இல்லை. காய்க்காத பூவில்தான் மகரந்தம். எல்லாவற்றையும் பறித்துவிட்டால் தேனீ வந்தாலும் பெண் பூவுக்குக் கொண்டுபோக ஒன்றுமில்லை. நான்கைந்தை மட்டும் கொடியில் விட்டுவிடுங்கள்.

பாபு: என் பையன் காலை 7.50க்குத் தெருவில் நின்று எண்ணியிருக்கிறான். கோலத்துப் பூவில் பத்து நிமிடத்தில் தேனீ 7 தடவை.

செல்வம்: நம் தேனீ தெருவில் மேய்கிறது

*மார்கழி 8*

செல்வம்: அண்ணி இன்று ஐந்து ஆண் பூ விட்டுவைத்தார். பெண் பூ 2.
6.10 பனி. 0.
6.50 அடுக்குத்தேனீ 6, எல்லாம் ஆண் பூ.
7.20 அடுக்குத்தேனீ 13, கொசுத்தேனீ 4. பெண் பூவில் 3.
8.30 அடுக்குத்தேனீ 5. பெண் பூவில் 1.
9.40 பூ சுருண்டுவிட்டது.
மாலை 5.30 பீர்க்கு விரிந்தது. தேனீ 2. இருட்டிய பிறகு டார்ச் அடித்ததில் ஒரு அந்துப்பூச்சி, வெளிச்சத்துக்கு வந்ததா பூவுக்கு வந்ததா தெரியவில்லை.

கயல்: அருமை மாமா! அந்துப்பூச்சியை விட்டுவிடுவோம். ஆனால் பெண் பூவில் நான்கு தடவைதான், அது போதுமா தெரியாது. நாளை இரண்டு பெண் பூ வந்தால் ஒன்றுக்கு மட்டும் ஏழு மணிக்கு ஆண் பூவின் இதழைக் கிழித்துவிட்டுத் தொட்டு வையுங்கள், காம்பில் நூல் கட்டுங்கள். நூல் கட்டியது நின்று மற்றது உதிர்ந்தால் தேனீ போதவில்லை. இரண்டும் உதிர்ந்தால் வேறு காரணம் தேட வேண்டும்.

ரத்தினம் சித்தப்பா: இப்போது பிஞ்சு பிடித்தாலும் பழுக்க 40 நாளுக்கு மேல் ஆகும். பொங்கலுக்கு இளங்காய்தான். இதையாவது ஒத்துக்கொள்வீர்களா?

கயல்: அது நூற்றுக்கு நூறு தாத்தா.

பாபு: நான் சந்தையில் ஒரு காய் சொல்லி வைக்கிறேன். போன வருஷக் காசும் யாரும் தரவில்லை.

செல்வம்: அந்தப் புழு? மருந்தை எப்போதுதான் அடிப்பது? காலையில் பரங்கி, மாலையில் பீர்க்கு. உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும்.

வசந்தா: மதியம் துளசியில் குட்டித் தேனீ மொய்க்கிறது. துளசி மேல் மருந்து படக்கூடாது, சொல்லிவிட்டேன்.

கயல்: இப்போதைக்கு உதிர்ந்த பிஞ்சைக் கொடியடியில் விடாமல் பொறுக்கி அழித்துவிடுங்கள். விட்டால் புழு மண்ணுக்குள் இறங்கி மறுபடி ஈயாக வரும்.

செல்வம்: பொறுக்குகிறேன். மருந்து வாங்கியது வாங்கியதுதான், அடுத்த வாரம் பார்ப்போம்.

வசந்தா: நாளை ஏகாதசி, பெரிய கோலம். எத்தனை பூ விட வேண்டும்?

கயல்: ஐந்து அத்தை.

வசந்தா: மூன்று.