நீச்சல் குள டெஸ்ட் கிட்: பி.எச். குழாய் கத்திரிப்பூ நிறத்தில் வருகிறது, அட்டையில் அந்த நிறமே இல்லை. ஆசிட் ஊற்றலாமா?

மேடவாக்கம் ராஜி
வணக்கம். எங்கள் அடுக்ககத்தில் சுமார் 60,000 லிட்டர் பிடிக்கும் சின்னக் குளம் ஒன்று இருக்கிறது. மழைக்குப் பிறகு தண்ணீர் லேசாகப் பச்சையடித்ததால், குளம் பார்த்துக்கொள்ளும் தம்பி நேற்று மாலை ஊருக்குக் கிளம்பும் முன் 5 லிட்டர் லிக்விட் குளோரின் கேன் இரண்டை ஊற்றிவிட்டுப் போனார். அவர் வரும்வரை டெஸ்ட் பண்ணுவது என் பொறுப்பு.

கிட் சாதாரண இரட்டைக் குழாய் கிட்தான். மஞ்சள் மூடி சொட்டு குளோரினுக்கு, சிவப்பு மூடி சொட்டு பி.எச்.சுக்கு, நடுவில் நிற அட்டை. இன்று காலை பார்த்தால் குளோரின் குழாய் மஞ்சளைத் தாண்டி டிகாஷன் மாதிரி கரும் ஆரஞ்சாக இருக்கிறது, அட்டையோ 3 பி.பி.எம். அடர் மஞ்சளோடு முடிந்துவிடுகிறது. அதைவிடக் குழப்பம் பி.எச். குழாய். அட்டையில் 6.8க்கு மஞ்சள், நடுவில் ஆரஞ்சு, 8.2க்கு ரோஸ் கலந்த சிவப்பு. எனக்கு வந்ததோ சுத்தமான கத்திரிப்பூ நிறம். குழுவில் கேட்டால் "8.2க்கும் மேலே போய்விட்டது, இரண்டு லிட்டர் ஆசிட் ஊற்றுங்கள்" என்கிறார்கள். ஆசிட் கேன் பம்ப் ரூமில் இருக்கிறது. ஊற்றலாமா?

முத்து_தென்காசி
அக்கா, போர்வெல் தண்ணீரா? மாங்கனீஸ் இருக்கிற தண்ணீரில் குளோரின் போட்டால் இப்படி நிறம் மாறும். எங்கள் ஊர் லாட்ஜ் குளத்தில் தரையெல்லாம் கருப்பாகப் படிந்துவிட்டது. ஃபில்டர் மணலை மாற்றிப் பாருங்கள்.

மேடவாக்கம் ராஜி
இல்லைங்க தம்பி, குளத்துத் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது. சொட்டு விட்ட பிறகு குழாய்க்குள் இருப்பதுதான் கத்திரிப்பூ.

கார்த்தி கோவை
ஆசிட் வேண்டாம், இது குளோரின் அதிகமானதால் வருவது. தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்து இரண்டு டெஸ்ட்டையும் மறுபடி செய்யுங்கள், வருவதை இரண்டால் பெருக்குங்கள். இல்லையென்றால் பி.எச். குழாயில் முதலில் ஒரு சொட்டு சோடியம் தயோசல்பேட் விட்டு குளோரினைக் கொன்றுவிட்டு, அப்புறம் சிவப்புச் சொட்டு விடுங்கள். மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும்.

பம்ப் ரூம் பெரியவர்
ராஜிம்மா, ஆசிட் கேனைத் தொடாதீங்க. கார்த்தி சொன்னதில் முதல் வரி சரி, மற்றதில் பாதிதான் சரி.

சிவப்பு மூடியில் இருப்பது ஃபீனால் ரெட். தண்ணீரில் குளோரின் சுமார் 10 பி.பி.எம். தாண்டினால் அது ஃபீனால் ரெட்டாகவே இருப்பதில்லை. குளோரின் அந்தச் சாயத்தோடு சேர்ந்து அதை வேறொரு சாயமாக மாற்றிவிடுகிறது. அந்தப் புதுச் சாயம் பி.எச். 7லேயே கத்திரிப்பூவாகத்தான் இருக்கும், 8லும் அப்படியேதான். அதனால் அந்த நிறத்தை வைத்து பி.எச். கூடுதல் என்றும் சொல்ல முடியாது, குறைவு என்றும் சொல்ல முடியாது. அட்டை அச்சடித்தது வேறு சாயத்துக்கு.

குழுவில் சொன்னபடி செய்தால் எங்கே போய் முடியும் பாருங்கள். ஆசிட் ஊற்றுவீர்கள், மறுபடி டெஸ்ட் செய்வீர்கள், நிறம் அப்படியே கத்திரிப்பூ. சரி, போதவில்லை போல என்று இன்னும் ஊற்றுவீர்கள். நிறம் அசையவே அசையாது, உள்ளே பி.எச். மட்டும் இறங்கிக்கொண்டே போகும். அப்புறம் பிள்ளைகளுக்குக் கண் எரியும், டைல் இடுக்கு சிமென்ட் அரிக்கும், ஏணி துருப்பிடிக்கும். இப்படிக் கெட்ட குளங்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, தண்ணீர் கலந்து பார்ப்பது குளோரினுக்கு மட்டும்தான். பி.எச். பெருக்கிப் பார்க்கிற கணக்கு இல்லை. 7.4ஐ இரண்டால் பெருக்கி என்ன செய்வது? கலக்கும் தண்ணீரின் குணமும் அதில் சேர்ந்துவிடும். தயோசல்பேட் சொட்டு கொஞ்சம் குளோரினுக்குப் பரவாயில்லை, ஆனால் இவ்வளவு குளோரின் இருக்கும்போது அது வினைபுரிவதிலேயே பி.எச். நகர்ந்துவிடும். பொய்யான எண்ணைத்தான் படிப்பீர்கள்.

கார்த்தி கோவை
பெருக்கச் சொன்னது குளோரினுக்குத்தான் ஐயா, நான் எழுதியதில் இரண்டும் கலந்துவிட்டது. ஆனால் தயோசல்பேட் விஷயத்தில் உடன்பாடு இல்லை. பல கிட்களில் ஃபீனால் ரெட் பாட்டிலுக்குள்ளேயே அது கலந்துதான் வருகிறது.

பம்ப் ரூம் பெரியவர்
வருகிறது, மறுக்கவில்லை. அது வழக்கமான அளவு குளோரினைத் தாங்குவதற்காகச் சேர்ப்பது. இது அந்த அளவு இல்லை என்று கணக்கே சொல்கிறதே. லிக்விட் குளோரின் 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு லிட்டரில் 100 கிராம் குளோரின். 10 லிட்டருக்கு 1,000 கிராம். 60,000 லிட்டர் குளத்தில் 1 பி.பி.எம். ஏற 60 கிராம் போதும். ஆயிரத்தை அறுபதால் வகுத்தால் 16க்கு மேல் வருகிறது. கேன் பழசாக இருந்தால் வீரியம் குறைந்திருக்கும், பாசியும் கொஞ்சம் தின்றிருக்கும், அப்படியே பார்த்தாலும் 10க்குக் கீழே இருக்க வாய்ப்பு குறைவு.

ராஜிம்மா, இதை நீங்களே சரிபாருங்கள். பெட்ரோல் பங்கில் பேட்டரி வாட்டர் ஒரு பாட்டில் வாங்குங்கள். மெட்ரோ தண்ணீர் வேண்டாம், அதிலேயே குளோரின் இருக்கும். முதலில் பேட்டரி வாட்டரில் மட்டும் மஞ்சள் மூடிச் சொட்டு விட்டுப் பாருங்கள், நிறமே வரக்கூடாது. அப்புறம் ஊசி இல்லாத சிரிஞ்சில் குளத்துத் தண்ணீர் 1 மில்லி, பேட்டரி வாட்டர் 9 மில்லி எடுத்துச் சுத்தமான டம்ளரில் கலந்து, அதிலிருந்து குழாயைக் கோடுவரை நிரப்பி டெஸ்ட் செய்யுங்கள். வருவதைப் பத்தால் பெருக்குங்கள்.

தண்ணீரைக் குளத்தின் மேற்பரப்பில் அள்ளாதீர்கள். முழங்கை ஆழத்தில், தண்ணீர் உள்ளே வரும் துவாரத்துக்குத் தள்ளி நின்று எடுங்கள். பாட்டிலைச் சாய்க்காமல் நேராகத் தலைகீழாகப் பிடித்தால்தான் சொட்டு ஒரே அளவாக விழும். குழாயை விரலால் மூடிக் குலுக்க வேண்டாம், மூடியைப் போடுங்கள். அப்புறம் சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்று, கிட்டுக்குப் பின்னால் வெள்ளைத் தாள் பிடித்து, கண் மட்டத்தில் வைத்து உடனே படியுங்கள். நீல டைலையோ செடியையோ பின்னணியாக வைத்தால் மஞ்சள் பச்சையாகத் தெரியும். ஆறவைத்துப் படித்தால் மஞ்சள் மூடியில் இருக்கும் ஓ.டி.ஓ. சொட்டின் நிறம் ஏறிக்கொண்டே போகும். அது மொத்தக் குளோரினையும் காட்டும் சொட்டு, அழுக்கோடு சேர்ந்துபோன குளோரின் மெதுவாகத்தான் நிறம் காட்டும். முடிந்ததும் குழாய்த் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றுங்கள், குளத்தில் கொட்டாதீர்கள், கையைக் கழுவிவிடுங்கள்.

ஷார்ஜா செல்வம்
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு நேர்மாறான பிரச்சினை. நான் பயன்படுத்துவது டி.பி.டி. மாத்திரை, ரோஸ் நிறம் வர வேண்டும். ஷாக் ட்ரீட்மென்ட் செய்த மறுநாள் போட்டால் நிறமே இல்லை, தெளிந்த தண்ணீர். அப்படியென்றால் குளோரின் பூஜ்யம்தானே? இன்னும் போடலாமா?

பம்ப் ரூம் பெரியவர்
செல்வம், போடாதீங்க. மாத்திரை விழும் இடத்தைக் கவனித்தீர்களா? விழுந்த நொடியில் ஒரு ரோஸ் கீற்று மின்னி மறைந்ததா? மறைந்திருந்தால் குளோரின் மிக அதிகம், அதுவே டி.பி.டி. நிறத்தை வெளுக்கவைத்துவிட்டது. உங்களுக்கும் அதே ஒன்றுக்கு ஒன்பது கலவைதான். கலந்த பிறகு ரோஸ் வந்தால் சந்தேகம் தீர்ந்தது, அப்போதும் வரவில்லையென்றால்தான் பூஜ்யம். ஓ.டி.ஓ.வில் இந்த வெளுப்பு வராது, ராஜியம்மாவுக்கு வந்த மாதிரி ஆரஞ்சு, பழுப்பு என்று கருத்துக்கொண்டே போகும். அந்த ஒரு விதத்தில் அது நல்லது.

ஷார்ஜா செல்வம்
மின்னியது ஐயா! மாத்திரை சரியில்லை என்று அந்த டப்பாவையே தூக்கிப் போட இருந்தேன். கலந்து பார்த்துச் சொல்கிறேன்.

மேடவாக்கம் ராஜி
பேட்டரி வாட்டரில் தனியாகச் சொட்டு விட்டால் நிறம் வரவில்லை. கலவையில் அழகான எலுமிச்சை மஞ்சள், அட்டையில் 1க்கும் 1.5க்கும் நடுவில். அப்படியென்றால் 10க்கும் 15க்கும் இடையில் என்று எடுத்துக்கொள்ளலாமா? 12.5 என்று எழுதி வைக்கவா?

பம்ப் ரூம் பெரியவர்
10 முதல் 15 என்றே எழுதுங்கள். பத்தால் பெருக்கும்போது கண்ணின் பிழையும் பத்து மடங்காகிவிடும், அதில் புள்ளிக்குப் பின்னால் எண் போடுவதில் அர்த்தமில்லை. குளத்தைப் பூட்டுங்கள், பம்ப் ஓடட்டும், மேலே தார்ப்பாய் எதுவும் போட வேண்டாம், வெயில் படட்டும். நீங்கள் லிக்விட் குளோரின் மட்டும் போடுவதால் வெயிலில் சீக்கிரம் இறங்கும். டி.சி.சி.ஏ. என்கிற குளோரின் மாத்திரை வழக்கமாகப் போடும் குளம் என்றால் இவ்வளவு வேகமாக இறங்காது. கலக்காமல் செய்த டெஸ்ட்டிலேயே குளோரின் 3க்குள் வந்த பிறகு பி.எச். பாருங்கள். 7.2க்கும் 7.8க்கும் நடுவில் இருந்தால் ஆசிட்டே வேண்டாம். எப்போதாவது ஊற்ற நேர்ந்தாலும் குளோரின் ஊற்றிய அதே வாளியில் ஆசிட் ஊற்றக்கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

மேடவாக்கம் ராஜி
இன்றைய நிலவரம்: குளோரின் கலக்காமலேயே 3, அடர் மஞ்சள். பி.எச். குழாயில் கத்திரிப்பூ போய் ஆரஞ்சு கலந்த சிவப்பு வந்துவிட்டது, ரொம்ப நிம்மதி. ஆனால் நான் படித்தால் 7.6, என் கணவர் படித்தால் 7.2 என்கிறார். ஒரே குழாய், ஒரே இடம், அடுத்தடுத்துப் பார்த்தோம்.

கார்த்தி கோவை
கண்ணாடி போட்டிருந்தாரா? கலர் மாறும் லென்ஸ் என்றால் வெயிலில் கருத்து, எல்லாவற்றையும் மாற்றிக் காட்டும்.

மேடவாக்கம் ராஜி
சாதாரண கண்ணாடிதான். அவருக்குப் பச்சை, சிவப்பு பிரிப்பதில் கொஞ்சம் தடுமாற்றம் உண்டு என்று நினைக்கிறேன், வேட்டிக் கரையிலேயே தெரியும்.

பம்ப் ரூம் பெரியவர்
அப்படியானால் ஃபீனால் ரெட் அவர் கண்ணுக்கு ஒத்துவராது. மஞ்சளிலிருந்து சிவப்புக்குப் போகும் அளவுகோல்தான் அவருக்குக் கஷ்டமாக இருக்கும். ஆனால் உங்கள் 7.6தான் சரி என்று இங்கிருந்து என்னால் அடித்துச் சொல்ல முடியாது, சிவப்பு பாட்டில் எப்போது வாங்கியது என்று தெரியவில்லை. ஒரு வருடம் தாண்டியிருந்தால், அல்லது வெயில் படும் ஜன்னலில் இருந்திருந்தால், புதுசு வாங்கி இரண்டிலும் பக்கத்தில் பக்கத்தில் டெஸ்ட் செய்து பாருங்கள்.

கார்த்தி கோவை
டிஜிட்டல் பி.எச். மீட்டர் வாங்கிவிட்டால் கண் பிரச்சினையே இல்லையே?

பம்ப் ரூம் பெரியவர்
வாங்கலாம். ஆனால் 7.0 பஃபர் கரைசலில் அடிக்கடி சரிபார்க்க யாராவது இருக்க வேண்டும், முனை காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் மாறி மாறிப் பார்க்கும் அடுக்ககத்தில் நான் சொட்டு கிட்டையே சொல்வேன்.

மேடவாக்கம் ராஜி
பாட்டிலில் தேதி அழிந்திருக்கிறது. பம்ப் ரூம் ஜன்னலில்தான் இருந்தது. புது பாட்டில் வாங்கி இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டு இதே இழையில் போடுகிறேன், அதுவரை ஆசிட் கேன் பூட்டிய அலமாரியில்தான் இருக்கும்.