"தெரப்பியூட்டிக் விண்டோ"வுக்கு என்ன சொல்லு?

திருகோணமலை:
எல்லாருக்கும் வணக்கம். இரத்தம் கட்டியாகாமத் தடுக்கிற வார்பரின் மருந்தைப் பற்றி பிரசன்டேசன் செய்யிற பிள்ளையளிட்டக் கேக்கிறதுக்கு தமிழில கேள்வி எழுதிக்கொண்டிருக்கிறன். பக்கவிளைவு, இடைத்தாக்கம் எண்டதுக்கெல்லாம் சொல்லு கிடக்கு, மருந்து வேலை செய்யிற மட்டத்துக்கும் நஞ்சாகிற மட்டத்துக்கும் நடுவில இருக்கிற அந்த இடத்துக்குத்தான் ஒண்டும் சரியா வருகுதில்ல. "சாளரம்" எண்டு போட்டா பிள்ளையள் ஜன்னலைத்தான் நினைக்குங்கள். "அளவு வரம்பு" எண்டு போடவோ?

மூதூர்:
"நூலிடை மருந்து" எண்டு வைப்பமே, நூல் மாதிரி மெல்லிசான இடைவெளிதானே 😀

நிலாவெளி:
தம்பி, அது பொம்பிளையளின்ட இடுப்புக்குப் பாடினது, சோதனைத்தாளில வேண்டாம்.
"அளவு வரம்பு"ம் பிழை. ஒரு ஆளை யோசிச்சுப் பாருங்கோ, தினமும் 5 மில்லிகிராம் வார்பரின், இரத்தம் உறைய எவ்வளவு சுணங்குது எண்டு காட்டுற ஐஎன்ஆர் 2.4, இவருக்கு அது 2க்கும் 3க்கும் இடையில நிக்கவேணும், நல்லா நிக்குது. பல்லில சீழ் எண்டு மெட்ரோனிடசோல் குடுக்கினம். ஒரு கிழமைக்குள்ள முரசால இரத்தம், ஐஎன்ஆர் 5க்கு மேல. குளிசை அதே 5தான், அளவு மாறவேயில்ல! ஈரல்ல வார்பரினை உடைக்கிற நொதியத்தை மற்ற மருந்து மறிச்சதால அது உடம்பில தேங்கிப்போச்சு. அப்ப வரம்பு உடம்புக்குள்ள இருக்கிறதுக்குத்தான், குளிசைக்கில்ல. "பயன்வரம்பு" எண்டு வையுங்கோ.

கிண்ணியா:
அப்ப ரெண்டு மருந்தையும் ரெண்டு மணித்தியாலம் விட்டுக் குடிச்சாச் சரிதானே? அன்ரசிட்டுக்கு அப்பிடித்தான் சொல்லுறவை.

நிலாவெளி:
அன்ரசிட் குடல்ல மற்ற மருந்தைப் பிடிச்சு வைக்கிறது, அதுக்கு நேர இடைவெளி உதவும். இது ஈரல்ல நடக்கிற விசயம், காலமை ஒண்டு பின்னேரம் ஒண்டு எண்டு குடிச்சாலும் நொதியம் மறிபட்டுத்தான் கிடக்கும். டொக்டர்தான் வார்பரினைக் குறைச்சு, சில நாளில ஐஎன்ஆர் திரும்பப் பாக்கவேணும், மெட்ரோனிடசோல் முடிஞ்சாப் பிறகும் பாக்கவேணும், இல்லாட்டி குறைச்சது குறைச்சபடி கிடந்து இரத்தம் கட்டியாகும்.
பிள்ளையளிட்ட இதைக் கேளுங்கோ: ஏன் முதல் நாளே இரத்தம் வரேல்ல? வார்பரின் புதுசா உறைதல் காரணிகள் செய்யிறதைத்தான் தடுக்கும், ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கிறது முடியவேணும், அதில சிலது நாள்க்கணக்கில நிக்கும். இதைச் சொல்லத் தெரியாட்டி அந்தப் பிள்ளை ஸ்லைடைப் பாடமாக்கினது எண்டு விளங்கும்.

உப்புவெளி:
அம்மாக்கு வால்வு ஒப்பரேசன் செய்தது, வார்பரின் குடிக்கிறா, கீரையே கூடாது எண்டு முருங்கை இலையைக் கண்ணில காட்டுறேல்ல. அதுவும் பயன்வரம்போ?

நிலாவெளி:
நிப்பாட்டத் தேவையில்ல அக்கா. கீரையில விற்றமின் கே இருக்கு, கூடினா மருந்தின்ட வேலை குறையும், ஒரேயடியா விட்டாக் கூடும். கிழமைக்கு ஏறக்குறைய ஒரே மாதிரிச் சாப்பிட்டாச் சரி. ஆனா இப்ப திரும்பத் தொடங்குறதெண்டா கிளினிக்கில சொல்லிப்போட்டுத் தொடங்குங்கோ.

திருகோணமலை:
"பயன்வரம்பு" பிடிச்சிருக்கு. ஆனா "வரம்பு" எண்டா இஞ்ச வயல் வரம்புதானே, அது நடுவில இருக்கிற இடமில்ல, ஓரம்.

மூதூர்:
அப்ப "பயனிடை". இடையை நான் விடமாட்டன்.