எதிர் அறிவிப்பு வந்துவிட்டது, அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

நண்பர்களே, நான் தஞ்சாவூர் ஓவியம் வரையும் வீடியோவை ஒருவர் இடவலமாகத் திருப்பி, வேறு இசை சேர்த்து யூடியூபில் போட்டிருந்தார். பதிப்புரிமைப் படிவத்தில் இரண்டு இணைப்புகளையும் கொடுத்து நீக்கவைத்தேன். இப்போது அவர், நீக்கியது தவறு என்று சொல்லி யூடியூபுக்கு எதிர் அறிவிப்பு அனுப்பியிருக்கிறார்.

அமெரிக்க வேலை நாள் கணக்கில் 10 நாட்களுக்குள், வழக்குத் தொடுத்த ஆதாரத்தை நான் காட்டாவிட்டால் வீடியோ திரும்ப வந்துவிடும். 'அது என்னுடையதுதான்' என்று மறுபடி எழுதிப் பயனில்லை. வெட்டாத மூலப்பதிவுகள் தேதியோடு என்னிடம் இருக்கின்றன. அவருடைய பெயரும் முகவரியும் எதிர் அறிவிப்பிலேயே உள்ளன. பதிப்புரிமைச் சட்டம் 62ஆம் பிரிவுப்படி, நான் வசிக்கும் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம்.

சரி, தாக்கல் செய்த மனுவின் நகலை அனுப்பினால் போதுமா, வழக்கு எண் வரும்வரை காத்திருக்க வேண்டுமா? மதுரைப் பக்கம் இதைக் கையாளும் வக்கீல் தெரிந்தாலும் சொல்லுங்கள்.